மூலக்கடையா, எம்.கே.பி. நகரா?

சார், வணக்கம். பெரம்பூரில் ஒன்பது வருடமாக பேக்கரி நடத்துகிறேன். இரண்டாவது கடைக்கு மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மூலக்கடை ஜங்ஷன் பக்கம் வாடகை 55,000. எம்.கே.பி. நகரில் தெருமுனைக் கடை 26,000. திருவொற்றியூரில் மெட்ரோ ஸ்டேஷன் அருகே 45,000. கூட்டம், வாடகை, பார்க்கிங், போட்டி என்று பன்னிரண்டு விஷயத்துக்கும் தலா பத்து மார்க் போட்டுப் பார்த்தேன். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மார்க்கில் நிற்கின்றன. ஓவன் பெரம்பூரில் மட்டும்தான், சரக்கு ஆட்டோவில் போகும். எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாவற்றுக்கும் பத்து மார்க் என்று வைத்தால் இப்படித்தான் வரும். பார்க்கிங்கில் எடுத்த மார்க், கரண்ட் இல்லாத குறையை மூடிவிடும். அந்தத் தாளில் மார்க் போடக்கூடாத விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். இல்லை என்றால் அந்த இடத்தை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

உங்கள் கடைக்கு அப்படி மூன்று சொல்வேன். முதலாவது, சரக்கு போய்ச் சேரும் நேரம். பேக்கரியில் மாலை நான்கிலிருந்து எட்டு வரைதான் ஓட்டம். மூன்றரைக்குப் புறப்பட்ட பப்ஸ் நான்கு மணிக்குச் சூட்டோடு கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும். பெரம்பூரிலிருந்து மூலக்கடையும் எம்.கே.பி. நகரும் பக்கம். திருவொற்றியூருக்கு வியாசர்பாடி, தண்டையார்பேட்டை தாண்டிப் போக வேண்டும். அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் ஆட்டோ எப்போது போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. மே மாத வெயிலில் கிரீம் கேக்கின் கதியையும் நினைத்துப் பாருங்கள். சுடாத பப்ஸை ஃப்ரீசரில் அனுப்பி, அங்கேயே சின்ன எலக்ட்ரிக் ஓவனில் சுட்டு விற்கலாம் என்று ஒரு வழி உண்டு. அப்போது தூரம் பெரிய விஷயமாக இருக்காது, ஆனால் முதலீடும் ஆளும் கூடும். ஓவன் பெரம்பூரில் மட்டும்தான் என்று நீங்களே எழுதியிருப்பதால், திருவொற்றியூரை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். மெட்ரோ ஆசை வேண்டாம். ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் ஷேர் ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் போகிறவர்கள்.

இரண்டாவது, கரண்ட். டிஸ்ப்ளே சில்லர், டீப் ஃப்ரீசர், ஏசி எல்லாம் வைத்தால் த்ரீ ஃபேஸ் வேண்டும். ஓனர் “போட்டுக்கலாம்” என்பார். இணைப்பு யார் பேரில், எத்தனை கிலோவாட், வீட்டுக் கணக்கா கடைக் கணக்கா என்று மின்கட்டண அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கடையாக்கிய இடங்களில் இந்தச் சிக்கல் வரும்.

மூன்றாவது, மழைத்தண்ணீர். வடசென்னையில் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. வாசற்படி ரோட்டை விட எத்தனை அங்குலம் உயரம் என்று அளந்து பாருங்கள். பழைய ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன கடைகள் இன்று ரோட்டோடு ரோடாக இருக்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர் டீக்கடையில் கேளுங்கள். ஷட்டரின் கீழ்ப்பக்கத் துருவையும் ஒரு பார்வை பாருங்கள், அது பொய் சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஃப்ரீசர் கம்ப்ரஸர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் போயின.

மிச்சம் இரண்டு இடம். இனி வாடகையை ரூபாயாகப் பார்க்காமல் பில்லாக மாற்றிப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு விற்றால் மாவு, வெண்ணெய், எரிபொருள், பேக்கிங், மீந்துபோன சரக்கு எல்லாம் போக 40 நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கு வேறு என்றால் அதைப் போடுங்கள். மூன்று பேர் சம்பளம் 48,000, கரண்ட் 15,000, ஆட்டோ 12,000. மூலக்கடையில் வாடகையோடு மாதம் 1,30,000. அதைச் சரிக்கட்ட 3,25,000 விற்க வேண்டும், அதாவது நாளுக்குச் சுமார் 10,800. எம்.கே.பி. நகரில் மொத்தம் 1,01,000, நாளுக்குச் சுமார் 8,400.

வித்தியாசம் 2,400தானே, ஜங்ஷன் கூட்டத்தில் அடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கூட்டம் என்ன வாங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஒரு பப்ஸ், ஒரு டீ, முடிந்தது. சராசரி பில் 45 என்றால் மூலக்கடையில் நாளுக்கு 240 பில் போட்டால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். எம்.கே.பி. நகரில் வீட்டுக்குப் போகிற வழியில் ரொட்டி, ரஸ்க், பிள்ளைக்கு ஒரு கிரீம் பன் வாங்குவார்கள். சராசரி 90 என்றால் 94 பில் போதும். பிறந்தநாள் கேக்கும் வீடுகள் இருக்கும் இடத்தில்தான் ஆர்டராகும்.

இந்த 45, 90 இரண்டும் என் ஊகம்தான். சரியான எண்ணை நீங்கள்தான் நின்று எடுக்க வேண்டும். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. போகிறவர்களை எண்ணாதீர்கள், அது வெறும் தலைக்கணக்கு. பக்கத்து டீக்கடை, ஸ்வீட் ஸ்டால், பழக்கடையில் நின்றவர்கள் எத்தனை பேர், அதில் கையில் பையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இரண்டாகக் குறியுங்கள். பையோடு போகிறவர்தான் உங்கள் ஆள். எந்தப் பக்கத்து ஓரத்தில் நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். மாலையில் வீடு திரும்புகிறவர் ரோட்டைக் கடந்து வந்து ரொட்டி வாங்க மாட்டார். மூலக்கடையில் மேம்பாலம் வேறு இருக்கிறது. அதன் மேல் போகும் வண்டி உங்கள் போர்டைப் பார்க்கப் போவதில்லை.

எம்.கே.பி. நகரில் வேறொரு பயம் உண்டு. உங்கள் பெரம்பூர் வாடிக்கையாளர்களில் சிலர் அங்கிருந்து வருகிறவர்களாக இருக்கலாம். கேக் ஆர்டர் நோட்டில் போன் நம்பரோடு தெருப்பெயரும் எழுதுவீர்களே, ஆறு மாத ஆர்டரை ஏரியா வாரியாகப் பிரித்துப் பாருங்கள். புதுக் கடையின் நூறு பில்லில் இருபது பழைய ஆட்கள் என்று வந்தால், அந்த இருபது இந்தக் கல்லாவிலிருந்து அந்தக் கல்லாவுக்குப் போகும் காசுதான். அப்போது 94 போதாது, 118 பில் வேண்டும். அப்படியும் மூலக்கடையின் 240-ஐ விட எட்டக்கூடிய எண் என்றுதான் எனக்குப் படுகிறது.

மூலக்கடை ஓனர் மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லித்தான் 55,000 கேட்டிருப்பார். மாதவரம் – சிப்காட் பாதையில் அங்கே ஸ்டேஷன் வருவது உண்மை. ஆனால் வேலை முடியும்வரை கடை முன்னால் தடுப்பு இருக்குமா, பைக் நிறுத்த இடம் மிஞ்சுமா என்று பாருங்கள். பைக் நிற்காத இடத்தில் கேக் பெட்டி போகாது. ஸ்டேஷன் திறந்த பிறகு தரவேண்டிய வாடகையை இன்றே தருவானேன்? திறக்கும்வரை இவ்வளவு, பிறகு இவ்வளவு என்று அக்ரிமெண்டில் எழுத அவர் சம்மதித்தால் மட்டும் அந்தக் கணக்கை மறுபடி போடலாம்.

எம்.கே.பி. நகருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மாதம் அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு உங்கள் லேபிளோடு ரொட்டியும் ரஸ்க்கும் கமிஷனுக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பி வரும் பாக்கெட்டுகளைத் தினமும் எண்ணுங்கள். முதல் வாரத்துக் கணக்கை விடுங்கள், புதுசு என்று வாங்கியிருப்பார்கள். நான்காம் வாரத்திலும் திரும்பி வருவது குறைவாகவே இருந்தால் அட்வான்ஸைக் கொடுங்கள்.