வாயில் வைத்துச் சப்பும் வயதுக்கு மரவண்டியும் துணி யானையும்: எந்தப் பூச்சு, எந்தத் தையல்?

கேள்வி: பேரனுக்குப் பத்து மாதம். எதைக் கொடுத்தாலும் வாயில்தான் வைக்கிறான். தச்சர் கொடுத்த தேக்குத் துண்டில் ஒரு சின்ன வண்டியும், பழைய வேட்டியில் ஒரு யானையும் செய்யப்போகிறேன். ஜன்னல் கம்பிக்கு அடித்த மஞ்சள் எனாமல் பெயிண்ட் மீதி இருக்கிறது. அதையே வண்டிக்கு அடிக்கலாமா? யானைக்குப் பட்டனைக் கண்ணாக வைக்கலாமா?

பதில்: எனாமல் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈய குரோமேட்டைச் சேர்ப்பது பழைய வழக்கம். டப்பா புதிதாக இருந்தாலும் இதே பதில்தான். அது ஜன்னலுக்காகச் செய்தது; சப்புவதற்காக யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

மரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் அதன் எண்ணெய்ப்பசையும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். சப்பும் பொருளுக்கு அது வேண்டாம். தச்சரிடம் வெப்பாலை கேளுங்கள். சன்னபட்டணா பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான். கிடைக்காவிட்டால் வேம்பு, மா இரண்டும் சரி. பிளைவுட், எம்.டி.எஃப்., பழைய கதவு, சரக்குப் பெட்டிப் பலகை இவற்றைத் தொடவே வேண்டாம். ஒன்றில் பசை, ஒன்றில் பழைய பெயிண்ட், இன்னொன்றில் பூச்சிமருந்து இருக்கலாம்.

வண்டியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். உடல் 12 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். சக்கரங்கள் 5 செ.மீ. விட்டம். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனிக் குச்சியில் மாட்டுவதுதான் வழக்கம். அதில்தான் ஆபத்து. ஒட்டு விட்டால் சுண்டுவிரல் அளவுக் குச்சி குழந்தையின் கைக்கு வந்துவிடும். அதற்குப் பதில் 10 மி.மீ. கனமுள்ள ஒரே அச்சு, உடலில் போட்ட 12 மி.மீ. துளை வழியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை போகட்டும். சக்கரங்களை அச்சின் இரு முனைகளிலும் மரப்பசையால் ஒட்டிவிட்டால் அச்சும் சக்கரமும் சேர்ந்தே சுழலும். உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி போதும், விரல் நுழையாது. கயிறு இப்போது வேண்டாம். தவழ்கிற பிள்ளை தள்ளித்தான் விளையாடும்.

எந்தத் துண்டும் தொண்டையை அடைக்குமா என்று பார்க்க, பொம்மைச் சோதனைக் கூடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். நீங்கள் கெட்டி அட்டையை 3.2 செ.மீ. உள்விட்டம், 6 செ.மீ. ஆழம் வருமாறு சுருட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும், கழன்று வர வாய்ப்புள்ள எந்தத் துண்டும் இந்த வயதுக்கு ஆகாது.

பூச்சு வேலையில் பாதி, பூசுவதற்கு முன்பே முடிந்துவிடும். 80, 120, 180, 220 என்று உப்புத்தாள் தேய்த்து, விளிம்பு எல்லாவற்றையும் உருட்டிவிடுங்கள். வழுவழுப்பாக வந்துவிட்டது என்று தோன்றும்போது ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை நனைத்து, காயவிட்டுத் தடவிப் பாருங்கள். அடங்கியிருந்த நார்கள் எழுந்து சொரசொரப்பாகியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் அதே வேலையைக் குழந்தையின் எச்சில் செய்துவிடும். மறுபடி 220 தாளால் லேசாகத் தேய்த்து, மேலே பஞ்சை இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே சிலும்பு நிற்கிறது என்று பொருள்.

மேல்பூச்சுக்கு நான் சொல்வது அரக்கு. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே பூசுகிற அதே பொருள்தான். கடையில் கலந்து விற்கும் பாலிஷை வாங்காதீர்கள், அதில் சாயமும் வேறு பிசினும் சேர்ந்திருக்கலாம். அரக்குச் செதில் 10 கிராமை 100 மில்லி ஸ்பிரிட்டில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத இடத்தில் பூசுங்கள். ஸ்பிரிட்டின் ஆவி நல்லதல்ல. காய்ந்ததும் அது போய்விடும், அரக்கு மட்டும் நிற்கும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மணி நேரம். கலவையை அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. பழசானால் எத்தனை நாள் விட்டாலும் பிசுபிசுக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்தினால் தெரியும்: தடம் விழுந்தால் கொட்டிவிடுங்கள். மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் பட்டு வெள்ளை படரும். வெயில் வந்த பிறகு பூசுங்கள்.

நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் வண்டி உடலின் இரு பக்கங்களிலும் மட்டும் கொடுத்து, சக்கரத்தையும் முனைகளையும் வெறும் அரக்கோடு விடுங்கள். பிள்ளை முதலில் கடிப்பது சக்கரத்தைத்தான். டப்பாவில் ‘நச்சற்றது’ என்று போட்டிருப்பது போதாது; ஐ.எஸ். 9873 பகுதி 3 அல்லது ஈ.என். 71-3 என்று இருக்க வேண்டும். பொம்மையிலிருந்து ஈயம், காட்மியம் முதலியவை எவ்வளவு கசிகின்றன என்று பார்க்கும் சோதனைகள் அவை. நிறம் நன்றாகக் காய்ந்தபின் அதன் மேலும் அரக்குப் பூசுங்கள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வெள்ளைப் பருத்தித் துணியை உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிறத்தின் மேல் சுற்றி, பிளாஸ்டிக் உறையால் மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். துணியில் சாயம் ஏறியிருந்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இனி யானை. பட்டன் கண் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஈரத்திலும் பல்லிலும் நூல் நைந்துவிடும். கண்ணை நூலாலேயே தையல் போட்டு நிரப்புங்கள். பழைய வேட்டி மென்மையாக இருக்கும், ஆனால் இழை தளர்ந்திருக்கும். இழுத்தால் தையல் நிற்கும், துணி கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஒரு அடுக்கு காடாத் துணி கொடுங்கள். இரண்டையும் முதலிலேயே வெந்நீரில் துவைத்துச் சுருக்கிவிட வேண்டும். 2 மி.மீ. தையலாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருமுறை ஓட்டுங்கள். காதையும் வாலையும் மேலே ஒட்டவைத்துத் தைக்காமல், இரண்டு துணிக்கும் நடுவில் செருகித் தைத்தால் பிடுங்க வராது.

உள்ளே இலவம் பஞ்சு அடைக்கத் தோன்றும். தலையணைக்கு அது சரி, சப்பும் பொம்மைக்குச் சரியில்லை. நனைந்தால் கட்டியாகி, உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். துவைத்தால் காய்கிற பாலியஸ்டர் பஞ்சை வாங்குங்கள். தெர்மோகோல் மணி கூடவே கூடாது. வாயை மூடித் தைத்தபின் குண்டூசிகளை எண்ணிப் பார்த்து, பொம்மை முழுக்க ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை யானையின் தையலை இழுத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தாலும் அப்போதே எடுத்துவையுங்கள். அப்புறம், ஒரு வயது முடியும் வரை தொட்டிலிலோ படுக்கையிலோ அதைக் கூட வைத்துத் தூங்கவைக்காதீர்கள். மூக்கில் அழுந்தினால் தள்ளிவிட அந்த வயதில் தெரியாது.