ஜெர்மன் பேராசிரியருக்கு எழுதும் மெயில்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் உசிலம்பட்டி. மதுரையில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் பிஎச்.டி. செய்ய விருப்பம். அங்கே வேர்மண் நுண்ணுயிரிகளில் ஆய்வு செய்யும் எழுபது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். ஒருவர் இப்போது நிதி இல்லை என்றார். இன்னொருவர் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். நான் எழுதியது இதுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, நான் நுண்ணுயிரியலில் மிகுந்த ஆர்வமுள்ள மாணவன். உங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன. உங்கள் ப்ராஜெக்ட்டில் இடம் இருந்தால் தெரிவிக்கவும். எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார். பயோடேட்டா இணைத்துள்ளேன்.”

என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், மல்லிகைத் தோட்டத்து வேர்மண்ணில் பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியா பற்றியது. 22 பாக்டீரியாக்களைப் பிரித்தேன், அவற்றில் ஐந்து, பாஸ்பேட் கரைந்ததற்கு அடையாளமாகத் தட்டில் நல்ல வளையம் காட்டின. தொட்டியில் வைத்த பதியன்களில் அந்த ஐந்தில் ஒன்றுதான் பலன் தந்தது. இதை மெயிலில் எழுதவில்லை. எங்கே தவறுகிறேன்?

எம்., உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த இடம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. உயிரியல் துறைகளில் அரசுச் சம்பள விகிதத்தில் 65 சதவீத வேலை என்று ஒப்பந்தம் போடுவது சாதாரணம். அந்தச் சம்பளம் பேராசிரியரின் கையிலிருந்து வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு ஆய்வுத் திட்டம் எழுதி, நிதி நிறுவனம் ஒப்புக்கொண்டால், அந்தத் திட்டத்துக்குள் ஒரு பிஎச்.டி. மாணவருக்கான சம்பளமும் இருக்கும். அதனால் ‘எந்தத் தலைப்பிலும் தயார்’ என்ற வரி அவருக்கு உதவாது. அவரிடம் ஆள் எடுக்கும் பணம் இருந்தால் தலைப்பும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்தத் தலைப்புக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்பதைத்தான் அவர் தேடுவார்.

அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது டிஎஃப்ஜி, தான் நிதி கொடுத்த திட்டங்களை gepris.dfg.de என்ற தளத்தில் போட்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் உண்டு, கட்டணம் கிடையாது. பேராசிரியர் பெயரைப் போட்டுத் தேடினால் திட்டத்தின் தலைப்பு, சுருக்கம், காலம் எல்லாம் வரும். காலம் என்ற வரியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வருஷம் ஓடும், மாணவரைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கியதென்றால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். இந்த வருஷம் தொடங்கியது என்றால் உடனே எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கு cordis.europa.eu இருக்கிறது. மாநில நிதி, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி இவை இரண்டிலும் வராது. ஆகவே பெயர் இல்லை என்பதால் பணம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். ஆய்வுக்குழுவின் பக்கத்தில் சமீபத்தில் யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பட்டம் முடித்துப் போயிருக்கிறார்கள் என்று பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

இப்படி வடிகட்டினால் உங்கள் எழுபது பேரில் ஏழெட்டுப் பேர் மிஞ்சலாம். அது போதும். நான் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, எங்கள் குழுத் தலைவருக்கு இப்படிப்பட்ட மெயில்கள் வந்துகொண்டே இருக்கும். அவர் பெண். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கினால், பார்க்காமல் எல்லோருக்கும் அனுப்பியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதற்கு மேல் படிக்க மாட்டார்.

அடுத்தது உங்கள் வேலை. என்னைக் கேட்டால், உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கை நீங்கள் மெயிலுக்கு வெளியே வைத்துவிட்டீர்கள். ஐந்து பாக்டீரியா தட்டில் வளையம் காட்டியும் ஒன்றுதான் செடிக்கு உதவியது என்பதை நீங்கள் தோல்வி என்று நினைத்திருக்கலாம். இந்தத் துறையில் இருப்பவருக்கு அதுதான் சுவாரசியம். தட்டில் பாக்டீரியா வளர்க்க நீங்கள் பயன்படுத்தியது பிகோவ்ஸ்கயா அகாராகத்தான் இருக்கும். அதில் இருப்பது டிரைகால்சியம் பாஸ்பேட், கொஞ்சம் அமிலம் பட்டாலே கரையக்கூடியது. மண்ணில் அப்படி இல்லை. பாஸ்பேட் இரும்போடும் அலுமினியத்தோடும், அல்லது எளிதில் கரையாத கால்சியம் சேர்மங்களாகவும் பிணைந்திருக்கும். சுண்ணாம்பு உள்ள மண்ணென்றால் பாக்டீரியா விடும் அமிலத்தை அதுவே அடக்கிவிடும். போதாததற்கு, அங்கே ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரிகளோடு போட்டி போட்டு வேரில் குடியேறவும் வேண்டும். தட்டில் தெரியும் வளையத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும் விவாதம். நீங்கள் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறீர்கள்.

இப்போது ஒரு உதாரணம். வேரில் பாக்டீரியா குடியேறுவதைப் பற்றி ஒருவருக்கு இந்த வருஷம் புதுத் திட்டம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரையும் பட்டத்தையும் சரியாகப் போட்டுவிட்டு இப்படி எழுதலாம் (ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள்):

“மதுரைப் பகுதி மல்லிகைத் தோட்டத்து வேர்மண்ணிலிருந்து 22 பாக்டீரியாக்களைப் பிரித்தேன். பிகோவ்ஸ்கயா அகாரில் ஐந்து வளையம் காட்டின, தொட்டிச் சோதனையில் ஒன்று மட்டுமே வளர்ச்சியைக் கூட்டியது. மற்ற நான்கும் வேரில் நிலைக்கவில்லையோ என்பது என் சந்தேகம், அதைச் சோதிக்க எனக்கு வழி இருக்கவில்லை. இந்த வருஷம் தொடங்கிய உங்கள் டிஎஃப்ஜி திட்டம் அதே கேள்வியை எடுத்திருப்பதைப் பார்த்தேன். அதில் பிஎச்.டி. இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறதா? பாக்டீரியா பிரித்தெடுத்தல், டிஎன்ஏ எடுத்தல், தொட்டிச் சோதனை ஆகியவற்றை நானே செய்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலும் பயோடேட்டாவும் ஒரே பிடிஎஃப்பில் உள்ளன.”

இவ்வளவுதான். கேள்வி ஒன்றே ஒன்று. உண்டு, இல்லை என்று அவரால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியும். செய்யாத சோதனையைச் செய்ததாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே ‘தொட்டிச் சோதனையில் பாக்டீரியா போடாத செடிகள் எத்தனை வைத்தீர்கள், மண்ணைக் கிருமி நீக்கினீர்களா’ என்றுதான் வரும். உண்மையில் மெயில் அனுப்புவதற்கு முன்பே இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் அங்கே பலர் விடுமுறையில் இருப்பார்கள், அப்போது அனுப்ப வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அதே மெயிலின் கீழேயே ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அதே குழுவில் இருக்கும் போஸ்ட்டாக் ஒருவருக்கு, அவருடைய கட்டுரையை ஒட்டி ஒரு கேள்வி எழுதிப் பார்க்கலாம். அவருக்கு வரும் மெயில் குறைவு. குழுவில் அடுத்து யாரை எடுக்கப் போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இடம் உறுதி, பதிவுக் கட்டணம் அனுப்பு என்று ஒரு பதில் வந்தால் அது மோசடி, உண்மையான குழு எதுவும் பணம் கேட்காது.

உங்களுக்கு வந்த இரண்டு பதில்களையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னவர் உங்களைத் தள்ளிவிடவில்லை. பல இடங்களில் இடத்தை விளம்பரம் செய்துதான் ஆள் எடுக்க வேண்டும், தனியாக வந்த மெயிலை வைத்து அவரால் வேலை கொடுக்க முடியாது. அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். விளம்பரம் வந்ததும் அதில் சொன்னபடி விண்ணப்பித்துவிட்டு, விண்ணப்பித்திருக்கிறேன் என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். நிதி இல்லை என்றவருக்கு நன்றி சொல்லி, மேலே சொன்ன தொட்டிச் சோதனை முடிவை மூன்று வரியில் எழுதி, இதே கேள்வியில் வேலை செய்யும் வேறு குழு எதையாவது சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவர் ஒரு பெயர் சொன்னால், அடுத்த மெயிலின் முதல் வரியில் அவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று போடலாம்.