மூணு முழம்

கேள்வி: டிரைவிங் ஸ்கூலுக்குப் போகாம, ரோட்டை வேடிக்கை பார்த்தே ரோடு ரூல்ஸ் கத்துக்க முடியுமா? அப்படிக் கத்துக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

நான் இருக்கிறேன். ஆனால் முழுசாகக் கத்துக்கிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்லவேண்டும்.

அப்பா பொள்ளாச்சி – வால்பாறை பஸ்ஸில் கண்டக்டர். அம்மாவும் வேலைக்குப் போனதால், பள்ளி லீவு நாட்களில் என்னை அப்பாவோடு அனுப்பிவிடுவார்கள். ஓசிப் பயணம் கிடையாது. வழியில் செக்கிங் ஏறினால் தன் வேலைக்கு வம்பு என்று, அப்பா தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல்பையில் போட்டு எனக்கு அரை டிக்கெட் கிழித்துத் தருவார். பன்னிரண்டு வயது முடிந்த மறுவாரமே முழு டிக்கெட் ஆக்கிவிட்டார். மூன்றாவது டிரிப்பில் எனக்கே பாவமாக இருந்தது.

எனக்கு இடம் முன்படிக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டு. அங்கிருந்து டிரைவர் மாமாவின் வலது கை, எதிரே வரும் வண்டி, இடப்பக்க மலைச்சுவர் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். நான் முதலில் படித்த பாடம் கைதான். வலது கையை நீட்டி உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினால் வேகத்தைக் குறைக்கிறார். முழங்கையை மடக்கிக் கையை நிமிர்த்தினால் நிறுத்தப்போகிறார். முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால் பின்னால் வருகிறவன் நம்மை முந்தி ஏறிப் போகலாம். இடப்பக்கம் டிரைவர் கைக்கு எட்டாது, அது அப்பா பொறுப்பு. படியில் நின்று இடது கையை வெளியே நீட்டுவார். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அப்பா கீழே இறங்கிப் பின்னால் போய் நின்று விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருப்பார். ஊதுவது நின்றால் வண்டியும் நிற்கவேண்டும். விசில் கேட்காவிட்டால் ஆபத்து என்றுதான் அர்த்தம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துப் புரிந்தது.

ஆழியாறு தாண்டியதும் மலை ஆரம்பிக்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் 1/40, 2/40 என்று பலகை. ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு நிற்பார்கள். அங்கே மாமாவின் வாய் சும்மா இருக்காது, அதை இங்கே எழுத முடியாது.

வளைவில் நான் கவனித்த முதல் விஷயம், பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது என்பது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருந்தால் வெட்டும் அதிகம். மேலே ஏறும் பஸ்ஸுக்கு இடது கொண்டை ஊசி வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் நம்முடைய இடப்பக்கம் வளைவின் உள்பக்கமாகிவிடும். வட்டம் சின்னது, ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. இடதை ஒட்டியே திருப்பினால் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறும், இல்லாவிட்டால் சாக்கடையில் இறங்கும். அதனால் மாமா முதலில் வலப்பக்கம் முழுசாக விலகி, மூக்கை எதிர்ப்பக்கத்து ஓரம் வரை கொண்டுபோய்த்தான் ஒடிப்பார். அந்தச் சில நொடிகளுக்கு ரோடு முழுக்க பஸ்ஸுடையது. மேலிருந்து வரும் கார்க்காரருக்கு, ‘என் பக்கத்தில் வந்து மறிக்கிறான்’ என்றுதான் தோன்றும்.

அப்படி ஒருவர் வந்த நாளைச் சொல்கிறேன். வளைவின் எண்ணைச் சொன்னால் யாராவது நேரில் போய்ப் பார்த்து, அது இடதா வலதா என்று கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். அட்டகட்டிக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டம், நிற்கவும் இடமில்லை. மாமா ஹார்ன் அடித்துவிட்டு வலப்பக்கம் விலகி ஒடிக்கத் தொடங்கினார். ஹார்னைக் கேட்டும் ஒரு வெள்ளைக் கார் வளைவுக்குள்ளேயே இறங்கி வந்து மூக்குக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒரு ஜீப்பும் ஒட்டி நின்றதால் காருக்குப் பின்னால் போக வழியில்லை. பஸ் குறுக்காக, ஏற்றத்தில், முழுச் சுமையோடு நின்றுவிட்டது.

ஜீப் பின்வாங்கி, கார் பின்வாங்கி, வழி கிடைக்கப் பத்து நிமிஷம் ஆனது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுக்க, பிரேக்கிலிருந்து கால் எடுக்கும் நேரத்துக்கும் கிளட்ச் பிடிக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பூமி இழுக்கும். மாமா ஹேண்ட்பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் நகர்ந்தது. உள்ளே ஒரே கூச்சல். மறுபடி பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

அப்பா சத்தமே போடவில்லை. “நில்லுங்ணா” என்று ஒரு விசில். பின்படி வழியாக இறங்கி, சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துப்போய்ப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தார். ஆண்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார். பிறகு இரண்டு விசில். இன்ஜின் உறும, கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் மூக்கில் ஏற, வண்டி கட்டையை விட்டு முன்னால் நகர்ந்தது. அப்பா கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் சமமான இடத்தில் நிறுத்தி, இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு, கிளட்ச் ஆறும்வரை காத்திருந்தோம்.

அப்போதுதான் கேட்டேன். “ஏம்ப்பா, அவருதான கீழ வந்தாரு? எறங்கறவருக்கு நிக்கறது கஷ்டமில்லையா?”

“எறங்கறவன் நின்னா மறுபடி பிரேக்கை விட்டாப் போதும் கண்ணு, வண்டி தானா உருளும். ஏறறவன் நின்னா என்னாகும்னு நீயே பார்த்தியில்ல? அதனால ஏறறவனுக்குத்தான் மொதல்ல வழி.”

பல வருஷம் கழித்து, 1989-ஆம் ஆண்டு சாலை விதிமுறைகளைப் படித்தபோது இது அப்படியே இருந்தது. மலைச்சாலையில், இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்க இடமில்லாத இடத்தில், இறங்குகிறவர் ஓரமாக நிறுத்தி ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். காரணத்தைப் புத்தகம் சொல்லவில்லை. எனக்கு அந்த வரியைப் படித்ததும் கருகின வாசனைதான் வந்தது.

இவ்வளவு தெரிந்தவன் லைசென்ஸை ஊதித் தள்ளியிருப்பான் என்று நினைப்பீர்கள். பதினெட்டு வயதில் எல்.எல்.ஆர். எடுக்கப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் படங்களைக் காட்டிக் கேட்டார், சொன்னேன். மலை ரோட்டில் யாருக்கு முதல் வழி என்றார், காரணத்தோடு சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். அதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருக்கவேண்டும்.

“முன்னால போற லாரி வலது இண்டிகேட்டர் போடுது. என்ன அர்த்தம்?”

“ஏறிப் போகச் சொல்றாங்க சார்.”

“அவன் வலது பக்கம் இருக்கற பங்குக்கு டீசல் போடத் திரும்பினா?”

எனக்குப் பதில் வரவில்லை. உடுமலை ரோட்டிலும் கோவை ரோட்டிலும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். லாரி வலது விளக்கைச் சிமிட்டும், மாமா ஏறிப் போவார். அதையும் விதி என்றே மனதில் எழுதி வைத்திருந்தேன். சட்டப்படி அந்த விளக்குக்கு ஒரே அர்த்தம்தான், வலப்பக்கம் போகப்போகிறேன் என்பது. ‘ஏறிப் போ’ என்பதற்கான அடையாளம் முன்னே சொன்ன அந்தக் கை வீச்சு. கண்ணாடியை இறக்கிக் கை நீட்டுவது குறையக் குறைய, அந்த வேலையையும் விளக்கின் தலையில் கட்டிவிட்டார்கள். இன்னும் சில டிரைவர்கள் எதிரில் வண்டி வருகிறது, ஏறாதே என்பதற்கும் அதே விளக்கைப் போடுகிறார்கள். ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம் இருந்தால், தப்பாகப் படிக்கிறவன் லாரிக்கு அடியில் போவான்.

வேடிக்கை பார்த்துக் கற்பதில் உள்ள சிக்கல் இதுதான். ரோட்டில் விதியும் வழக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஹெட்லைட்டை அடித்தால் ‘நீ வா’ என்று பலரும் நினைக்கிறார்கள், நம் ஊரில் பெரும்பாலும் ‘நான் வர்றேன், நீ நில்லு’. நாற்சந்தியில் நேராகப் போக நாலு விளக்கையும் எரியவிடுகிறார்கள், அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் இண்டிகேட்டர் தெரியாது. இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பார்த்த ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று கேட்பேன். ஏறுகிறவனுக்கு வழிவிடுவதற்கு ஏற்றமே காரணம் சொல்லும். லாரி விளக்குக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை, எல்லோரும் செய்கிறார்கள் என்பதைத் தவிர. அப்படிப்பட்டதைப் புத்தகத்தில் தேடிப் பார்க்காமல் நம்பக்கூடாது.

எல்.எல்.ஆர். கொடுத்துவிட்டார், “லாரியை நம்பாதே தம்பி” என்று சொல்லி. ஒரு மாதம் கழித்துக் காருக்கு டெஸ்ட். ரிவர்ஸ் எடுத்தேன், திருப்பினேன், கை சிக்னல் காட்டினேன். கடைசியில் ஒரு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அந்த இடைவெளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். கிளட்ச் பிடிக்கிறதா இல்லையா என்று என் இடது காலுக்கு மட்டும் தெரியவில்லை. கார் பின்னால் உருண்டு, உதறி, ஆஃப் ஆகிவிட்டது.

“எறங்குங்க தம்பி. அடுத்த வாரம் வாங்க.”

வெளியே டீக்கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“மேட்டுலயா?”

“ஆமாப்பா.”

“எவ்வளவு பின்னால வந்துச்சு?”

“ஒரு முழம் இருக்கும்.”

டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். “அன்னைக்கு நம்ம வண்டி மூணு முழம் வந்துச்சு” என்றார்.