பாலில் கலந்த வே பவுடரும் பேதியும்

"காட்பாடி. ஜிம் முடிச்சதும் ரெண்டு ஸ்கூப் வே கான்சன்ட்ரேட், அரை லிட்டர் பால்ல. ஒரு மணி நேரத்துல வயிறு உப்பி, முறுக்கி, தண்ணியா போகுது. ஐசோலேட்டுக்கு மாறணுமா?"

டப்பாவை மாத்த வேண்டாம், முதல்ல பாலை நிறுத்துங்க.

அரை லிட்டர் பால்ல லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை 24 கிராம் கிட்ட வரும். ரெண்டு ஸ்கூப் கான்சன்ட்ரேட்ல பெரும்பாலும் 3லேர்ந்து 5 கிராம்தான். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் தண்ணிய இழுக்கும், அங்க புளிச்சு வாயுவாகும். உப்புசமும் பேதியும் சேர்ந்தே வர்றது அதனாலதான். பாலை வச்சுக்கிட்டு, லாக்டோஸ் இன்னும் கம்மியான ஐசோலேட் வாங்கினா காசுதான் போகும்.

மூணு நாள் பாலையும் பவுடரையும் விடுங்க. நாலாவது நாள் ஒரு ஸ்கூப் மட்டும், 300 மில்லி தண்ணியில, மெதுவா குடிங்க. வேலூர் வெயில்ல ஐஸ் தண்ணி ஊத்தி ஒரே மடக்குல இறக்கத் தோணும். அப்படிக் குடிச்சா காத்தும் சேர்ந்து உள்ள போகும். வயிறு தொல்லை பண்ணலைன்னா பெரும்பாலும் பால்தான் காரணம். ரெண்டாவது ஸ்கூப்பை சாயங்காலம் தனியா எடுங்க.

தண்ணியில குடிச்சும் வயிறு கலக்குச்சுன்னா லேபிளைத் திருப்பிப் பாருங்க. சார்பிட்டால், மால்டிட்டால் மாதிரி இனிப்பூட்டியோ, இனுலின்ங்கிற நார்ச்சத்தோ இருந்தா அதுவே காரணமா இருக்கலாம். எதுவும் இல்லைன்னா அப்போ ஐசோலேட், அதுவும் சின்ன பாக்கெட்.

ரத்தம், காய்ச்சல், தூக்கத்துல எழுப்புற பேதி, எடை குறையிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் பவுடர் சோதனை வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலயாவது காட்டிடுங்க.