டார்ச் வெளிச்சத்தில் மின்னியது தேவாங்குதானா?

"பினாங்கு மலையில் எடுத்த படம், அண்ணே. ரெண்டு சிவப்புக் கண். எங்கள் பாட்டி சொல்லும் தேவாங்குதானே?"

உறவுக்காரன்தான், தங்கச்சி, ஆனால் பாட்டி சொல்லும் தேவாங்கு இல்லை. அந்த ஒல்லி உடம்புக்காரன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் காட்டில் வாழ்கிறான். இங்கே இருப்பது மலாய்க்காரர்கள் கொங்காங் என்று சொல்லும் பருத்த தேவாங்கு. உங்கள் படத்தில் கிளையைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். ரோமம் மூடி, திரண்டு, குட்டையாக இருக்கிறது. ஒல்லித் தேவாங்கின் கை பென்சிலைப் போல மெல்லியது, முழங்கை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். முதுகில் ஓடும் கருங்கோடு தலையில் பிரிந்து கண்ணுக்கும் காதுக்கும் போவதும் உங்கள் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. அது கொங்காங்கின் அடையாளம்.

"சிவப்பாக மின்னினால் தேவாங்கு, பச்சையாக மின்னினால் மரநாய். இது போதாதா?"

பாதி சரி. தேவாங்கின் கண் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மின்னும், உண்மைதான். ஆனால் பறக்கும் அணிலின் கண்ணும் சிவப்பாகத் தெரியலாம். டார்ச்சின் ஒளி, பார்க்கும் கோணம், கேமரா நிறத்தைச் சரிசெய்யும் விதம் எல்லாம் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். அதனால் நான் முதலில் பார்ப்பது கண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை. தேவாங்கின் கண் இரண்டும் முன்பக்கம் பார்ப்பவை, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். உங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மின்னும். அணிலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் பெரும்பாலும் ஒன்றுதான் படத்தில் விழும். மரநாய்க்கு இரண்டும் தெரியும், ஆனால் இடைவெளி அதிகம், நடுவே நீண்ட மூக்கு. ஒளி மிஞ்சிப்போனால் இரண்டு கண்ணும் ஒரே பொட்டாகக் கலந்துவிடும். அப்படி ஒரு படம் வந்தால் இடைவெளியை நம்பாதீர்கள், வெளிச்சத்தைக் குறைத்து இன்னொன்று எடுங்கள்.

"திண்டுக்கல் அய்யலூர் பக்கம் தாத்தா ஊருக்குப் போயிருந்தபோது கிளுவை வேலியில் எடுத்தேன். மூன்று படம். முதல் படத்தில் இரண்டு பொட்டு மட்டும்தான்."

இதைத்தான் நிதானமாகப் பார்த்தேன். முதல் படத்தை வைத்து மட்டும் நான் சொல்லியிருக்க மாட்டேன். பொட்டுகள் நெருக்கமாக, ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மரநாய் இல்லை என்று அதுவரை சொல்லலாம். இரண்டாவது படத்தில் அது தலையைத் திருப்பிக்கொண்டது, கண் மறைந்துவிட்டது. ஆனால் உடம்பு கிடைத்திருக்கிறது: மெல்லிய கை ஒரு குச்சியை விரலால் சுற்றிப் பிடித்திருக்கிறது, பின்னங்கால் இரண்டும் கீழே வேறு கிளைகளைப் பற்றியிருக்கின்றன, வால் எங்கேயும் இல்லை. மர எலியாக இருந்தால் உடம்பைவிட நீண்ட வால் கட்டாயம் தொங்கியிருக்கும். மூன்றாவது படத்தில் ஒரு கைதான் முன்னால் நீண்டிருக்கிறது, மற்ற மூன்றும் பிடியை விடவில்லை. தேவாங்கு நகர்வது இப்படித்தான். எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் 2022-ல் கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தார்கள். தாத்தா அந்த வேலியை வெட்டாமல் இருக்கட்டும்.

"பாலிக் புலாவில் எங்கள் துரியான் தோட்டத்தில் ஒன்று மரம் விட்டு மரம் பாய்ந்தது. வேகமான தேவாங்கு உண்டா, ஐயா?"

ஒல்லித் தேவாங்கு நினைத்தால் கிளை மேல் சுறுசுறுப்பாகவே ஓடும். எப்போதும் ஆமை நடை என்பது தவறு. ஆனால் பாயாது. கிளைக்கும் கிளைக்கும் நடுவே கை எட்டவில்லை என்றால் திரும்பி வேறு வழி பார்க்கும். கொங்காங்கும் அப்படித்தான். நீங்கள் பார்த்தது தோலை விரித்து மிதந்து செல்லும் கூபோங்காக இருக்கலாம், பறக்கும் அணிலாக இருக்கலாம். கூபோங்குக்குத் தோல் விரிப்பு வால் நுனி வரை போகும், அணிலுக்கு வால் தனியாகப் பின்னால் நீளும். உங்கள் படத்தில் அடிமரமும் ஒரு கண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டில் எது என்று இதை வைத்து என்னால் சொல்ல முடியாது.

"படத்தை விடுங்கள் அண்ணே, கொங்காங் குட்டி கிடைத்தால் வளர்க்கலாமா?"

கூடாது, தம்பி. மலேசியாவின் 2010 வனவிலங்குச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்பில் உள்ள விலங்கு, வைத்திருப்பதே குற்றம். முழங்கைக்கு உட்புறம் சுரக்கும் நீரை நக்கிக்கொண்டு கடித்தால் விஷமும் ஏறும். எங்கேயாவது விற்பதைப் பார்த்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

"அடுத்த முறை எப்படி எடுத்தால் உங்களால் சொல்ல முடியும்?"

டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், அப்போதுதான் விலங்கின் கண் மின்னுவது உங்களுக்குத் திரும்பி வரும். அதன் கண் தெரிந்ததும் ஒளியை ஓரமாக விலக்கி, சிவப்புத் தாள் கட்டிய விளக்குக்கு மாறுங்கள். அப்புறம் ஒரே இடத்தில் நின்று பத்துப் பதினைந்து வினாடி வீடியோ எடுங்கள். கண்ணை மட்டும் பெரிதாக்காமல் கிளையும் தெரியட்டும். அது தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள்.