மொய் நோட்டும் கிராணியின் பேனாவும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். என் தாத்தா 1930களின் இறுதியில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்து, கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பம் செம்பவாங்கில் காலூன்றியதை ஒரு வட்டார வரலாறாக எழுத ஆசைப்படுகிறேன். இதுவரை பன்னிரண்டு ஆவணங்கள் சேர்த்துவிட்டேன். தாத்தாவின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குத் திருத்தி அட்டவணையாக்கியிருக்கிறேன். அவர் வந்த கப்பலின் பயணிகள் பட்டியலை எங்கே தேடுவது? மரபணுச் சோதனை செய்தால் உதவுமா?

மலர்விழி, ஈசூன்

அன்புள்ள மலர்விழி,

கப்பல் பட்டியலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அப்படியொன்று கைக்குக் கிடைத்தாலும், தளத்தட்டில் படுத்து வந்தவர்களிடையே உங்கள் தாத்தா எவர் என்று அடையாளம் காணும் நிலையில் நீங்கள் இன்று இல்லை. மரபணுச் சோதனை யாருக்கு யார் உறவு என்று சொல்லும்; எந்த லயன் வீட்டில், யாருக்கு அடுத்த கதவில் குடியிருந்தார் என்று சொல்லாது. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது இவை இரண்டும் அல்ல. பெயர்களைத் திருத்திவிட்டேன் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான். அது பெரிய தவறு, அம்மா. இன்றிரவே அந்த அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு தாளிலும் இருந்த எழுத்தை அப்படியே திரும்ப எழுதுங்கள்.

இந்தத் தவறு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை என் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாத்தாவின் பெயர் வேலையா. அவரும் நேவல் பேஸ் ஆள்தான். பேரரசர் ஆறாம் ஜார்ஜ் பெயரிலான பெரிய கப்பல்துறை திறக்கப்பட்ட 1938இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைத் தேடியபோது எனக்கு இரண்டு தாள்கள் கிடைத்தன. ஒன்று 1940 பிப்ரவரியில் பிறந்த என் அத்தையுடையது. தாய் பெயர் பாக்கியம், என் பாட்டி. மற்றது அதே ஆண்டு ஜூனில் பிறந்த ஒரு பையனுடையது; தாய் பெயர் லெட்சுமி. இரண்டிலும் தந்தையின் தொழில் கூலி, இருப்பிடம் நேவல் பேஸ். தந்தையின் பெயர் ஒன்றில் Velaya, மற்றதில் Vellaya. பதிவேட்டை எழுதிய கிராணி ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டி, இரண்டையும் நானும் உங்களைப் போலவே ஒன்றாக்கினேன். பெயர், தொழில், இடம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றன, தாய் மட்டுமே வேறு என்றால், தாத்தாவுக்கு இரண்டாவது குடும்பம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், அத்தையிடம் போய் அதைச் சொல்லவும் சொன்னேன். அறுபது வயதைக் கடந்த அந்த மனுஷி அன்று அழுத அழுகை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்று பொருந்தின என்று நான் எண்ணியதில்தான் பிழை இருந்தது. கூலி என்பதும் நேவல் பேஸ் என்பதும் அங்கிருந்த பல்லாயிரம் பேருக்குப் பொதுவானவை. எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு விவரம் ஒருவரையும் அடையாளம் காட்டாது. வீட்டு எண், தந்தையின் தந்தை பெயர், மனைவி பெயர், சொந்த ஊர் போன்ற அரிதான விவரங்களில் பெயரைத் தவிரக் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் இரு தாள்களும் ஒரே ஆளைச் சொல்கின்றன என்று கொள்ளலாம். என் கையிலிருந்த ஒரே அரிதான விவரம் தாயின் பெயர். அதுவோ ஒத்துப்போகவில்லை. நான் கேட்க விரும்பாத ஒன்றை அந்தத் தாள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு மொய் நோட்டு. 1958இல் ஊரில் நடந்த அத்தையின் கல்யாணத்துக்கு எழுதியது. அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் நடுப்பக்கத்தில், "சிங்கப்பூர் நேவல் பேஸ், கீழத்தெரு வெள்ளையா, லெட்சுமி வீடு, ரூபாய் ஐந்து" என்று இருந்தது. வேலையா வேறு, வெள்ளையா வேறு. தமிழில் ஒரு குழந்தைகூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. ஆனால் குறிலையும் நெடிலையும், லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டாத ஆங்கில எழுத்தில், காதில் விழுந்ததை எழுதிய கிராணியின் பேனாவில், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. எஞ்சியிருந்த ஒரே வேறுபாடு அந்தக் கூடுதல் எழுத்து. நான் அழித்ததும் அதைத்தான். நோட்டைக் காட்டியபோது அத்தை, "லெட்சுமி அத்தையா? அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கும் சேர்த்துப் பால் கொடுத்தவங்களாச்சே" என்றார்.

எழுத்துக்கூட்டலைக் காப்பாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரில் தேசியப் பதிவு நடந்து அடையாள அட்டைகள் வந்தது 1948இல். அதற்கு முந்தைய தாள்களில் ஒரே ஆளின் பெயர் கிராணிக்குக் கிராணி மாறும். அட்டை வந்தபின் அதில் விழுந்த எழுத்தே ஏறக்குறைய நிலைத்துப்போய், பிள்ளைகளின் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாள் கிழிந்துபோன ஒரு தாளில் இருக்கும் எழுத்து அட்டையின் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், அது 1948க்கு முந்தையதா பிந்தையதா என்று ஓரளவு ஊகிக்கலாம். நீங்கள் திருத்திய அட்டவணையில் அந்தத் தடயம் இப்போது இல்லை.

உங்கள் அட்டவணையில் தாளில் உள்ள பெயர், நாள், விவரத்தைச் சொன்னவர் யார், எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற நான்கும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். "இவர் என் தாத்தா" என்பது ஐந்தாவது கட்டம். அது உங்கள் முடிவு மட்டுமே, ஆதாரத்தோடு கலக்கக் கூடாது. பிறகு தமிழில் எழுதப்பட்டவற்றைத் தேடுங்கள்: மொய் நோட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், கோயில் நன்கொடைப் பலகை, தமிழ் முரசில் வந்த மரண அறிவித்தல். தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. அங்கே சொல்லைப் போட்டுத் தேடுவதை மட்டும் நம்பாமல், நாள் தெரிந்தால் அந்த வாரத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.

நீங்கள் எழுத விரும்பும் வட்டார வரலாறு அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் நோட்டில் பெயருக்கு முன் சிங்கப்பூர் என்று குறிக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் நேவல் பேஸ், நான்கு பேர் அதே கீழத்தெரு. தாத்தா தன்னந்தனியாகக் கடல் கடந்தார் என்று நான் கேட்டு வளர்ந்த கதை அந்தப் பக்கங்களில் கலைந்துபோனது. ஒரு தெரு பெயர்ந்து வந்து ஒரு லயனில் குடியேறியிருந்தது. அந்த ஏழு வீடுகளையும் பின்தொடர்ந்து, கடற்படைத் தளம் 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியபோது யார் நீடித்தார்கள், யார் ஊர் திரும்பினார்கள் என்று பார்த்தால் செம்பவாங்கின் ஒரு மூலை எழுத்தில் வந்துவிடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் அப்போது கேளுங்கள். முன்பே கேட்டால் யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் காது களைத்துப்போகும்.

ஆனால் மொய் நோட்டு சொல்லாததும் நிறைய உண்டு. அதில் உறவும் சாதியும் தெருவும் மட்டுமே இருக்கும். அதே லயனில் சுவரோடு சுவராக வாழ்ந்த மலையாளிகளும், ஊர்க் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத சாதியினரும் அதில் இல்லை. லெட்சுமி கணவன் பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லாகத்தான் வருகிறார். அவரைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவை ஒரு பிறப்புப் பதிவு, ஐந்து ரூபாய், அத்தைக்குக் கொடுத்த பால் ஆகிய மூன்றுமே. அவர் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பன்னிரண்டு தாள்களில் எங்கேனும் அந்தக் கூடுதல் எழுத்தோடு வெள்ளையா இருந்தால், திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள்.