தாத்தாவின் பிழைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீனா தன் தாத்தாவின் பழைய வாட்ஸப் செய்தியைப் படிக்கும் உங்கள் கதையை வாசித்தேன். நானும் மும்பைதான், செம்பூர். செய்தியைப் படித்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை பிழைகள் வேண்டுமா? ‘மழ்ழை’ என்று யாராவது அடிப்பார்களா? சரியான வடிவத்தைக் கதையில் எங்கேயும் தராதது ஏன்? இன்னொன்று. என் அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். ‘நல்லா இரு’ என்பதை எப்போதும் ‘ணல்லா இரு’ என்றுதான் அனுப்புவார். அவருடைய செய்திகளை முதலாண்டு நினைவுக்கு அச்சடிக்கப் போகிறோம். திருத்திப் போடலாமா?

ஆர்., செம்பூர்

அன்புள்ள ஆர்.,

கதையைப் படிக்காதவர்களுக்காக அந்தச் செய்தியை முதலில் தந்துவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 29, மும்பை வெள்ளத்தில் மூழ்கி லோக்கல் ரயில்கள் நின்றுபோன நாள். தாராவியில் இருக்கும் தாத்தா, தாதரில் கல்லூரியில் மாட்டிக்கொண்ட பேத்திக்கு அனுப்பியது:

“பாப்பா மழ்ழை சயானல தண்ணி ரயில வராது நீ அங்கயே இரு நான வலேன குனை இருக்கு சாப்புட்டியா தாத்தா”

இதில் ஒரு பிழையையும் அழகுக்காகப் போடவில்லை. தாத்தாவின் போனில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒற்றை விரலால் அடித்துப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தப் பலகையில் ஒரே மெய்யைத் தொடர்ந்து இரண்டு முறை தொட்டால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘தண்ணி’க்கு அவர் ண-வை இரண்டு முறை தொட்டால் போதும். அதே வசதிதான் ‘மழ்ழை’யையும் உண்டாக்குகிறது. விரல் நடுங்கி ழ-வின் மேல் இரண்டு முறை பட்டுவிட்டது, பலகை கேட்காமலே புள்ளி வைத்துவிட்டது. யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள் என்பது சரி. நடுங்கும் விரல் அடிக்கும்.

‘ரயில’, ‘நான’, ‘வலேன’ எல்லாம் இதன் மறுபக்கம். இரட்டிக்கும் இடத்திலும், ‘அங்கயே’யில் வருகிற ங்க போன்ற இன எழுத்துகளிலும் புள்ளி தானாக வரும். மற்ற இடங்களில் அதற்கென்று இருக்கும் விசையைத் தேடித் தொட வேண்டும். தாத்தா தொடவில்லை. அதனால்தான் அவருடைய சொற்களில் ‘தண்ணி’யும் ‘அங்கயே’யும் சரியாக இருக்க, சொல்லின் கடைசிப் புள்ளி மட்டும் எங்கேயும் இல்லை. தாராவிக்குப் பக்கத்தில் இருக்கும் சயான் பகுதியைச் சொல்லும் ‘சயான்ல’வின் நடுவில் புள்ளி விழாததும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது பக்கத்து எழுத்து. ர-வுக்குப் பக்கத்தில் ல, ட-வுக்குப் பக்கத்தில் ன. ‘வரேன்’ ‘வலேன’ ஆனதும் ‘குடை’ ‘குனை’ ஆனதும் அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனமாகத் தவிர்த்தேன். ‘வறேன்’ என்று எழுதவில்லை. தமிழ்99-இல் ர கீழ்வரிசையில் இருக்கிறது, ற மேல்வரிசையில். விரல் அவ்வளவு தூரம் வழுக்காது. அங்கே ற வந்தால் அது எழுத்து தெரியாதவரின் பிழை ஆகிவிடும். இந்தத் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளியில் ஒழுங்காகத் தமிழ் படித்துவிட்டு மும்பைக்கு வந்தவர். அவருடைய கண்ணும் விரலும்தான் தளர்ந்திருக்கின்றன, அறிவு இல்லை. கதையில் இதைச் சொல்ல ஒரு பத்தி எழுதியிருந்தால் செய்தி செத்துப்போயிருக்கும். பிழைகளே சொல்லட்டும் என்று விட்டேன்.

‘சாப்புட்டியா’வை என்ன செய்வது? இ-யும் உ-வும் பக்கத்துப் பக்கத்து விசைகள். ‘சாப்பிட்டியா’ என்று அடிக்கப் போய் விரல் தவறியிருக்கலாம். அவர் பேசுவதே ‘சாப்புட்டியா’ என்பதாகவும் இருக்கலாம். மீனாவால் தீர்மானிக்க முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி ஆள் இல்லை. கதையிலேயே எனக்கு மிகவும் வேண்டிய இடம் இதுதான். கீழே சரியான வடிவத்தைத் தந்திருந்தால் நான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மீனாவுக்கே தெரியாததை நான் தெரிந்தவன் போல அச்சில் போட்டுவிடுவேன். அதனால்தான் தரவில்லை.

அப்புறம், வாசகருக்கு அந்த உதவி தேவையும் இல்லை. பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஏடுகளிலிருந்துதான். இடம் பார்த்துப் புள்ளி வைத்துப் படிப்பது நமக்கு வெகுகாலப் பழக்கம். மழையும் தண்ணியும் முன்னால் இருக்கும்போது ‘குனை’ எது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தச் செய்தியில் நீங்கள் கேட்காத ஒரு சொல் இருக்கிறது. ‘பாப்பா’. இத்தனை தடுமாற்றத்துக்கு நடுவே அதில் ஏன் ஒரு பிசகும் இல்லை? போன், நாம் அடிக்கடி அடிக்கும் சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு முதல் எழுத்தைத் தொட்டதுமே மேலே காட்டும். ப-வைத் தொட்டால் ‘பாப்பா’ வந்து நிற்கும், அதைத் தொட்டால் போதும். எத்தனை முறை அவர் அதை அடித்திருந்தால் போன் அவருக்கு முதலில் அந்தச் சொல்லைக் காட்டும்! மற்றவை எல்லாம் அவர் எழுத்தெழுத்தாகத் தேடித் தொட்டவை. இடைவெளிகளையும் சேர்த்து ஏறக்குறைய எண்பது தொடுதல்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி எடுத்தால் நான்கு நிமிடம். தாதரில் நின்ற பெண் அந்த நான்கு நிமிடமும் ‘டைப் செய்கிறார்’ என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சலோடு பார்த்தாள் என்று கதையில் இருக்கிறது. அந்த எரிச்சல் வேண்டும். பத்தொன்பது வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான்.

இனி உங்கள் அப்பா. ‘ணல்லா இரு’ என்று படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், நீங்கள் சரிபார்க்க வேண்டும். அவர் போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடிக்கும் அஞ்சல் முறைப் பலகை இருந்ததா? அதில் சொல்லின் முதலில் சின்ன n அடித்தால் ந வரும், பெரிய N அடித்தால் ண வரும். ஆங்கிலக் கடிதம் எழுதிப் பழகிய குமாஸ்தா வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத்தான் தொடங்குவார். அப்படியானால் அது பிழையே இல்லை. மகளுக்கு எழுதும் ஒரு வரியைக்கூட ஆபீஸ் கடிதத்தின் ஒழுங்கோடு தொடங்கியிருக்கிறார்.

கண்டுபிடிப்பது எளிது. ந-வில் தொடங்கும் சொற்கள் வாக்கியத்தின் நடுவே வரும் இடங்களைப் பாருங்கள். ‘இன்னைக்கு நல்ல வெயில்’ என்பது போல நடுவில் ந சரியாக வந்து, தொடக்கத்தில் மட்டும் ண இருந்தால் காரணம் அந்தப் பெரிய எழுத்துதான். நடுவிலும் ண என்றே இருந்தால் வேறு ஏதோ.

எப்படியிருந்தாலும் திருத்த வேண்டாம். அச்சடிப்பதற்காக மறுபடி தட்டச்சும் செய்யாதீர்கள். நம் கை நமக்குத் தெரியாமலே திருத்திவிடும். வாட்ஸப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அது தேதியும் நேரமும் சேர்த்து எழுத்து மாறாமல் ஒரு கோப்பாகத் தரும். அதிலிருந்து நேராக அச்சுக்குக் கொடுங்கள். அப்பாவின் போன் அடங்கிப்போவதற்கு முன்னால், இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அன்புடன்